பழைய அட்டையைக் கொண்டுவந்தவர்களுக்கு நன்றி

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கடைத்தெரு. அங்கே 1985 முதல் மருந்துக்கடை நடத்தியவர் போன வருடம் ஓய்வு பெற்றார். கடைவாசலில் பந்தல் போட்டு, வழக்கமாக வரும் வாடிக்கையாளர்களை உட்காரவைத்து, கால் மணி நேரம் பேசினார். இத்தனை வருடம் ஆதரவு கொடுத்தீர்கள், நன்றி என்ற பொதுவான பேச்சு அதில் கொஞ்சம்தான். "புது மருந்து வாங்க வரும்போதெல்லாம் பழைய அட்டையையும் கொண்டுவந்தீங்களே, அதுக்குத்தான் முதல் நன்றி. அது இல்லைன்னா நாற்பது வருஷத்துல எத்தனையோ தப்பு நடந்திருக்கும்" என்றுதான் ஆரம்பித்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது விளங்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. மாத்திரை தீர்ந்துபோன அட்டையைக் கொண்டுவந்து காட்டுவதில் நன்றி சொல்ல என்ன இருக்கிறது?

நானும் டெல்டாவில் இதே தொழிலில் இருக்கிறேன். அந்த நன்றிக்குப் பின்னால் இருப்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

முதலில், ஒரே மருந்துக்கு எத்தனை பெயர் என்பதைப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு நம் ஊர்களில் மிக அதிகமாக எழுதப்படும் மாத்திரைகளில் ஒன்று கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த கூட்டு மாத்திரை. இதைப் பல கம்பெனிகள் தயாரிக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பெயர், ஒரு நிறம், ஒரு அட்டை வைத்திருக்கிறது. உள்ளே இருப்பது ஒன்றுதான். பெயருக்குப் பின்னால் எம்1, எம்2 என்று ஒரு வால் இருக்கும். எம் என்றால் பெரும்பாலும் மெட்ஃபார்மின், பக்கத்தில் உள்ள எண் கிளிமிபிரைடு எத்தனை மில்லிகிராம் என்பது. ரத்த அழுத்த மாத்திரையிலும் இப்படித்தான். டெல்மிசார்ட்டான் பெயருக்குப் பின்னால் எச் என்று வந்தால் சிறுநீரைப் போக்கும் மருந்து ஒன்று கூடச் சேர்ந்திருக்கிறது, ஏஎம் என்று வந்தால் அம்லோடிபின் சேர்ந்திருக்கிறது. மருந்தின் உண்மைப் பெயரும் அட்டையில் இருக்கத்தான் செய்யும். ஆனால் ஆங்கிலத்தில், வெள்ளி நிறத் தாளில், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தால்தான் படிக்க முடிகிற மாதிரி இருக்கும். களை பறித்துவிட்டு வரும் ஓர் அம்மாவுக்கு மாத்திரை என்றால் நிறமும் அளவும்தான். நிறம் மாறினால் அது வேறு மருந்து.

அடுத்தது, இங்கே ஒருவருக்கு எத்தனை இடத்திலிருந்து மாத்திரை வருகிறது என்பது. கடைமடைக் கிராமத்தில் இருப்பவர் காய்ச்சலுக்கு ஆரம்ப சுகாதார நிலையம் போவார். சர்க்கரைக்குத் திருத்துறைப்பூண்டியிலோ மன்னார்குடியிலோ ஒரு டாக்டரைப் பார்ப்பார். நெஞ்சு வலி, கண், ஆபரேஷன் என்றால் திருவாரூர் மருத்துவக் கல்லூரி அல்லது தஞ்சாவூர். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அது பலருக்குப் பெரிய உதவி. நான் குறை சொல்லவில்லை. ஆனால் அரசு அட்டையில் கம்பெனிப் பெயர் பெரிதாக இருக்காது, மருந்தின் உண்மைப் பெயரே இருக்கும். தனியார் டாக்டர் எழுதுவது கம்பெனிப் பெயர். இரண்டும் ஒரே மருந்து என்று வீட்டில் யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை. இந்த டாக்டர் எழுதியது அந்த டாக்டருக்குத் தெரியாது. இத்தனை இடத்து மாத்திரையும் ஒன்றாகச் சேர்வது நோயாளியின் மஞ்சப்பையில்தான். அந்தப் பையை யாராவது ஒருவர் பிரித்துப் பார்த்தாக வேண்டும். வழக்கமாகப் போகிற மருந்துக்கடை என்று ஒன்று இருந்தால் அந்த வேலை அங்கே நடக்கும், இல்லையென்றால் எங்குமே நடக்காமல் போகலாம்.

பேச்சில் அவர் ஒரு சம்பவத்தை விவரமாகச் சொன்னார். சம்பந்தப்பட்ட அம்மா முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார், சொல்லச் சொல்லி அவரே சம்மதம் கொடுத்திருந்தார். நானும் பெயர் இல்லாமல் அதை இங்கே வைக்கிறேன், ஏனென்றால் அந்த நன்றியின் முழுக் கணக்கும் அதில் இருக்கிறது.

அந்த அம்மாவுக்கு அப்போது அறுபத்தைந்து வயதுக்குப் பக்கம். குத்தகைக்குக் கொஞ்சம் நிலம், மற்ற நாட்களில் கூலி வேலை. சர்க்கரைக்குப் பக்கத்து ஊர் டாக்டர் எழுதியது எம்1 மாத்திரை, காலையில் ஒன்று, இரவில் ஒன்று. அதாவது ஒரு நாளைக்கு கிளிமிபிரைடு 2 மில்லிகிராம், மெட்ஃபார்மின் 1000 மில்லிகிராம். மாதம் 60 மாத்திரை, ஆறு அட்டை. ஆவணி 10ஆம் தேதி ஆறு அட்டை வாங்கினார், பாக்கி நோட்டில் எழுதியாயிற்று.

ஆவணியும் புரட்டாசியும் கடைமடையில் கையில் காசு இல்லாத மாதங்கள். விதை, உழவு, நடவுக் கூலி என்று பணம் வெளியே போகும், சம்பா அறுப்பு வரும்வரை உள்ளே வராது. கடன் சொல்லி வாங்கிய மாத்திரையைச் சீக்கிரம் தீர்க்க மனசு வராது. அந்த அம்மா என்ன செய்தார் என்றால், இரவு மாத்திரையை விட்டுவிட்டுக் காலையில் மட்டும் ஒன்று சாப்பிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. இதை ஒரு தப்பாகவே அவர் நினைக்கவில்லை, சிக்கனமாகத்தான் நினைத்தார்.

புரட்டாசிக் கடைசியில் கண்புரை ஆபரேஷனுக்காகத் தஞ்சாவூர் போனார். அங்கே சோதித்ததில் சர்க்கரை 260க்கு மேல். இந்த நிலையில் ஆபரேஷன் செய்ய முடியாது, முதலில் குறையட்டும் என்றார்கள். "இப்ப என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று டாக்டர் கேட்டதற்குப் பழைய சீட்டைக் காட்டினார். சீட்டில் இருந்தது காலை ஒன்று, இரவு ஒன்று. இவ்வளவு சாப்பிட்டும் குறையவில்லையே என்று டாக்டர் எண்ணியதில் எந்தத் தவறும் இல்லை. அளவைக் கூட்டி, வேறு கம்பெனியின் எம்2 மாத்திரையைக் காலையும் இரவும் எழுதினார். அவர் கணக்கில் கிளிமிபிரைடு 2 மில்லிகிராமிலிருந்து 4 ஆகிறது, இரண்டு மடங்கு. கவனமாகச் செய்யவேண்டிய மாற்றம்தான், ஆனால் வழக்கத்தில் உள்ளதே.

வீட்டில் நடந்தது வேறு. புது மாத்திரையைச் சொன்னபடி இரண்டு வேளையும் சாப்பிட்டார், ஏனென்றால் ஆபரேஷன் நடக்க வேண்டும். பழைய மாத்திரையையும் வழக்கம்போலக் காலையில் ஒன்று சாப்பிட்டார், ஏனென்றால் அது தீரவில்லை, தூக்கிப்போட மனசில்லை. ஒரு நாளைக்கு உள்ளே போன கிளிமிபிரைடு இப்போது 5 மில்லிகிராம். அதற்கு முந்தைய வாரம் வரை உண்மையில் உள்ளே போனது 1. டாக்டர் நினைத்தது இரண்டு மடங்கு, உடம்பில் நடந்தது ஐந்து மடங்கு.

கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மருந்து. நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று அது பார்க்காது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை அந்த அளவுக்கு இறக்கும். வயதானவர்களுக்கும் சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்தவர்களுக்கும் இவை உடம்பிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறும். கிளிபென்கிளமைடு அறுபதைக் கடந்தவர்களுக்கு ஏற்றதல்ல என்று உலக சுகாதார நிறுவனமே தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் குறிப்பு எழுதியிருக்கிறது. கிளிமிபிரைடு அதைவிடப் பரவாயில்லை, ஆனால் ஐந்து மடங்கு என்றால் எதுவும் பரவாயில்லை ஆகாது.

அந்த அம்மாவின் நாள் எப்படிப் போகும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விடிந்ததும் மாத்திரையை விழுங்கிவிட்டு டீயைக் குடித்துவிட்டு வயலுக்குப் போய்விடுவார். சோறு பத்து, பத்தரைக்குத்தான். மாத்திரை வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் வயிறு காலி, உடம்பு குனிந்து நிமிர்ந்து வேலை செய்கிறது. தினமும் ஒன்பது, ஒன்பதரைக்குக் கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, கண் மங்கியது. வெயில் என்று நினைத்தார். பித்தம் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். இஞ்சியைத் தட்டிப்போட்டு, கருப்பட்டி சேர்த்துக் குடிக்கச் சொன்னார்கள், சரியாயிற்று. பித்தம்தான் என்பது அதனால் உறுதியாயிற்று. சரியாக்கியது கருப்பட்டி என்று யாருக்கும் தோன்றவில்லை.

வயலில் வேலை செய்கிறவர்களிடம் தாழ்சர்க்கரையைக் கண்டுபிடிப்பது இதனால்தான் கஷ்டம். வியர்வை எல்லோருக்கும் வரும். வித்தியாசம் என்னவென்றால், தாழ்சர்க்கரை வியர்வை நிழலில் உட்கார்ந்தாலும் நிற்காது, தொட்டால் உடம்பு சில்லென்றிருக்கும், கூடவே நடுக்கமும் படபடப்பும் தாங்கமுடியாத பசியும் இருக்கும், இனிப்பாக எதையாவது குடித்த பத்துப் பதினைந்து நிமிடத்தில் தெளியும். அடெனலால், மெட்டோப்ரலால் வகை ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் மறைந்துவிடலாம், வியர்வை மட்டும் மிஞ்சும். அதையும் தாண்டி இறங்கினால் பேச்சுக் குழறும், சம்பந்தமில்லாமல் கோபம் வரும், பிறகு நினைவு தப்பும்.

ஐப்பசி 5ஆம் தேதி காலையில் அந்த அம்மா கடைக்கு வந்தார். தஞ்சாவூரில் பத்து நாளைக்குத்தான் வாங்கியிருந்தார், தீரப்போகிறது, அதே மாத்திரை வேண்டும். சீட்டைக் கொடுத்தார். கூடவே, வழக்கம்போல, மஞ்சப்பையிலிருந்து பழைய அட்டையையும் எடுத்து மேசையில் வைத்தார். இதிலும் மூணுதான் இருக்கு, ஆறு அட்டை எழுதிக்கோங்க என்றார்.

கடைக்காரர் இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். இரண்டிலும் ஒரே இரண்டு மருந்துகள்.

"அக்கா, இது ரெண்டையும் சேத்தா சாப்பிடுறீங்க?"

"ஆமா தம்பி. அது கண்ணு ஆபரேஷனுக்குக் கொடுத்தது. இது நம்ம சர்க்கரை மாத்திரை. அது தனி, இது தனி."

அடுத்து அவர் பார்த்தது பாக்கி நோட்டை. ஆவணி 10இல் 60 மாத்திரை. இரண்டு வேளைக் கணக்கில் அது ஆவணி முடிந்து பத்து நாளில் தீர்ந்திருக்க வேண்டும். ஐப்பசி 5இல் மூன்று மிச்சம். அப்படியானால் தினம் ஒன்றுதான் போயிருக்கிறது. அந்த அம்மாவிடம் அதை அவர் குற்றமாகக் கேட்கவில்லை, "ராத்திரி மாத்திரை விட்டுப்போச்சா அக்கா?" என்றுதான் கேட்டார். ஆமாம் என்றார். இரண்டு நிமிடத்தில் முழுக் கதையும் மேசைமேல் வந்துவிட்டது. பிறகு மயக்கம், வியர்வை பற்றிக் கேட்டார். அன்று காலையும் மாத்திரை போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறியிருந்தார், இன்னும் சாப்பிடவில்லை. கடையில் இருந்த குளுக்கோமீட்டரில் பார்த்தார். 58. எழுபதுக்குக் கீழே போனாலே உடனடியாகக் கவனிக்க வேண்டும்.

அரை டம்ளர் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சர்க்கரை, அதாவது ஏறக்குறைய 15 கிராம், கரைத்துக் குடிக்கவைத்தார். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தார், எண்பதைத் தாண்டியிருந்தது. எதிர்க் கடையிலிருந்து இட்லி வரவழைத்தார். அத்தோடு அனுப்பிவிடவில்லை. பலர் தவறுவது இந்த இடத்தில்தான். சர்க்கரைத் தண்ணீர் குடித்துத் தெளிந்ததும் எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். குடித்த சர்க்கரை ஒரு மணி நேரத்தில் செலவாகிவிடும், மாத்திரையின் வேலை ஒரு நாள் வரைக்கும் நீடிக்கலாம். தூக்கத்தில் மறுபடி இறங்கினால் யாருக்கும் தெரியாது. மகனை வரவழைத்து ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார், இரண்டு அட்டையையும் சட்டைப்பையில் வைத்து. அன்று சாயங்காலம் அங்கே மறுபடி இறங்கியது, குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறுநாள் வீடு திரும்பினார்.

இதற்கிடையே கடைக்காரர் தஞ்சாவூர் டாக்டருக்குப் போன் செய்தார். பழையதை நிறுத்துங்கள் என்று அவரே அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கலாமே, எதற்குப் போன் என்று கேட்கலாம். ஒரே மருந்து இரண்டு முறை போவதை நிறுத்திவைக்கச் சொல்வது அவருடைய கடமை. ஆனால் இனி எந்த அளவு என்று முடிவுசெய்வது டாக்டருடைய வேலை, அதற்கு டாக்டருக்கு உண்மை தெரிய வேண்டும். முன்பு சாப்பிட்டது சீட்டில் உள்ளதில் பாதிதான் என்ற செய்தியைக் கேட்ட டாக்டர், எம்2 வேண்டாம், பழைய எம்1ஐயே ஒழுங்காக இரண்டு வேளையும், சாப்பாட்டோடு, கொடுத்துப் பார்க்கலாம் என்று மாற்றினார். ஒரு மாதம் கழித்துக் கண் ஆபரேஷன் நடந்தது. ஆக, புது மாத்திரையே தேவைப்படவில்லை.

இப்போது அந்த நன்றிக்கு வருவோம். அந்த அம்மா சீட்டை மட்டும் கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? சீட்டில் ஒரு தவறும் இல்லை. மருந்து சரி, அளவு சரி, கையெழுத்து சரி. எந்த மருந்தாளுநரும் அதைப் பார்த்து எம்2 கொடுத்திருப்பார். தவறு சீட்டில் இல்லை, இரண்டு அட்டைகளுக்கு நடுவில் இருந்தது. பழைய அட்டை மேசைக்கு வந்தால்தான் அது கண்ணில் படும்.

பழைய அட்டை பற்றி இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் அவர் பேச்சில் மறைக்கவில்லை. மருந்துக்கடையில் மிக அதிகமாகக் கேட்கும் வாக்கியம் "இதே மாதிரி பத்துக் கொடுங்க" என்பதுதான். சீட்டு இல்லாமல், அட்டையையே சீட்டாக நீட்டுவது. சட்டப்படி அட்டவணை எச் மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. திரும்பத் திரும்பக் கொடுக்கலாம் என்று டாக்டர் எழுதியிருந்தால் தவிர, ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான். சீட்டில் எழுதிய கம்பெனிக்குப் பதிலாக வேறு கம்பெனி மருந்தைக் கடைக்காரர் தானாக மாற்றிக்கொடுக்கவும் 1945 மருந்து விதிகள் இடம் தரவில்லை. நடைமுறையில் இவை எல்லாமே மீறப்படுகின்றன என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அவர் நன்றி சொன்னது சீட்டுக்குப் பதிலாக அட்டையைக் கொண்டுவந்தவர்களுக்கு அல்ல, சீட்டோடு சேர்த்துக் கொண்டுவந்தவர்களுக்கு. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் சீட்டில்லாமல் கேட்டு, இல்லை என்றதும் கோபித்துக்கொண்டு போய், இரண்டு நாள் கழித்துச் சீட்டோடு திரும்பி வந்தவர்களையும் நினைவுகூர்ந்தார். பல நுண்ணுயிர்க்கொல்லிகள் அடங்கிய எச்1 அட்டவணை 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்து, அந்த மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு வைத்து மூன்று வருடம் காக்க வேண்டும் என்றான பிறகு, இல்லை என்று சொல்வது அவருக்குக் கொஞ்சம் எளிதாயிற்றாம்.

அட்டை இருந்தும் பயன்படாமல் போகும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்று, நான்கு என்று மாத்திரையைக் கத்தரித்துக் கொடுக்கும்போது மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பகுதி எந்தத் துண்டில் போகிறது என்று பார்க்க வேண்டும். பெயர் இல்லாத துண்டு வீட்டுக்குப் போனால், அடுத்த முறை அது பழைய அட்டையாகத் திரும்பி வரும்போது வெறும் வெள்ளித் தாள். பெயர் உள்ள முனையைக் கடைசிவரை கத்தரிக்காமல் வைப்பதும், துண்டாகக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் உறையில் பெயரும் தேதியும் எழுதிக் கொடுப்பதும் அவர் வழக்கம். வாங்குகிறவர்களும் மாத்திரையை எந்தப் பக்கத்திலிருந்து பிதுக்குவது என்று பார்த்துக்கொண்டால் நல்லது.

அவருடைய இரண்டாவது நன்றி பாக்கி நோட்டில் பெயர் எழுதியவர்களுக்கு. கடன் வாங்கியதற்கா நன்றி என்று பந்தலில் சிரிப்பு எழுந்தது. ஆனால் அவர் சொன்ன காரணம் என்னை மிகவும் யோசிக்கவைத்தது. காசு கொடுத்து வாங்கியவர்களின் விவரம் எதுவும் கடையில் மிஞ்சாது. கடன் சொன்னவர்களுக்கு மட்டும் பெயர், தேதி, மருந்து, எண்ணிக்கை நான்கும் நோட்டில் ஏறிவிடும். பணத்துக்காக எழுதியதுதான், ஆனால் வருடக்கணக்கில் பார்த்தால் அது ஒவ்வொருவரும் என்ன மருந்து, எவ்வளவு ஒழுங்காகச் சாப்பிட்டார் என்பதன் பதிவு. முப்பது நாள் மருந்து நாற்பத்தைந்து நாளுக்கு வந்தால் மூன்றில் ஒரு பங்கு விட்டுப்போயிருக்கிறது. இதற்குப் பெரிய கணக்கு எதுவும் வேண்டாம், இரண்டு தேதியைக் கழித்துப் பார்த்தால் போதும்.

அந்த இடைவெளிகளுக்கு ஒரு பருவம் இருப்பதை அவர் நோட்டில் கவனித்தார். தை, மாசியில் சம்பா அறுத்துக் காசு வந்ததும் எல்லோரும் நாள் தவறாமல் வருவார்கள். ஆடிக்கு மேல் இடைவெளி நீளும், புரட்டாசி, ஐப்பசியில் மிக நீளமாக இருக்கும். மேட்டூர் அணையைப் பாசனத்துக்கு ஜூன் 12இல் திறக்காத வருடங்களில் இது இன்னும் மோசம். 2012 முதல் 2019 வரை எட்டு வருடம் அந்தத் தேதியில் தண்ணீர் திறக்கவில்லை. அந்த வருடங்களின் பக்கங்களைப் புரட்டினால் ஒன்றுவிட்டு ஒரு நாள் மாத்திரை சாப்பிட்டவர்கள் எத்தனை பேர் என்று தெரியும் என்றார். இதில் ஆபத்து மருந்து குறைவதில் மட்டும் இல்லை. அந்த அம்மாவுக்கு நடந்ததுபோல, குறைத்துச் சாப்பிடும் காலத்தில் சோதனைக்குப் போவார்கள், சர்க்கரை ஏறியிருக்கும், டாக்டர் அளவைக் கூட்டுவார். அறுப்பு முடிந்து கையில் காசு வந்ததும் கூட்டிய அளவை முழுசாகச் சாப்பிடுவார்கள், தாழ்சர்க்கரை வரும். ஆகவே மாசி, பங்குனியில் யாராவது மயக்கம் என்று வந்தால் அவர் முதலில் புரட்டுவது புரட்டாசிப் பக்கத்தைத்தானாம். எனக்கு இது முற்றிலும் புதிய செய்தி. இந்தத் தொழிலில் இத்தனை நாள் இருந்தும் அறுப்புக் காலத்தையும் மாத்திரை அளவையும் இப்படிச் சேர்த்து நான் யோசித்ததில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது இந்த நோட்டு இன்னொரு விதத்தில் உதவியது. ஓடும் கீற்றும் பறந்து, வீட்டுக்குள் இருந்ததெல்லாம் நனைந்து, சீட்டும் இல்லை, அட்டையும் இல்லை என்று மக்கள் வந்தார்கள். என்ன மாத்திரை என்று கேட்டால் வெள்ளை மாத்திரை என்பார்கள். அவர் நோட்டைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் மருந்தின் உண்மைப் பெயர், அளவு, கடைசியாக வாங்கிய தேதி மூன்றையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொடுத்து மருத்துவ முகாமுக்கு அனுப்பினார். முகாமில் இருந்த டாக்டர்கள் அதைப் பார்த்து எழுதினார்கள். கடன் வாங்காதவர்களுக்குத்தான் சிரமம், அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பது அவர் ஞாபகத்தில் இருந்த அளவுக்குத்தான்.

ஞாபகம் என்பதுதான் இதில் உள்ள பலவீனம். நோயாளிகளின் மருந்து விவரத்தைப் பதிவாக வைக்க வேண்டும், மருந்தை எப்படிச் சாப்பிடுவது என்று விளக்கிச் சொல்ல வேண்டும் என்று 2015 மருந்தியல் நடைமுறை விதிமுறைகளிலேயே இருக்கிறது. பெரும்பாலான கடைகளில் இருப்பது ரசீது போடும் கம்ப்யூட்டர், அது சரக்கையும் வரியையும் எண்ணும், ஆளை எண்ணாது. சுவரில் ஒருவருடைய சான்றிதழ் தொங்க, மேசையில் வேறொருவர் நின்று மருந்து எடுத்துக் கொடுக்கும் கடைகளும் உண்டு, அங்கே இரண்டு அட்டைகளைப் பக்கத்தில் வைத்தாலும் படிக்க ஆள் இல்லை. இவர் நாற்பது வருடம் அந்த மேசையை விட்டு நகராததால் நடந்தது இது. அவர் போனதும் அந்த ஞாபகமும் போகும்.

அதை அவரும் உணர்ந்திருந்தார். கடையை எடுத்து நடத்துவது டி.பார்ம் முடித்த ஓர் இளம்பெண். ஓய்வுக்கு முந்தைய சில மாதங்கள் இருவருமாக ஒரு வேலை செய்தார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு, தைராய்டு ஆகியவற்றுக்கு மாதாமாதம் மருந்து வாங்குகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு மடித்த அட்டைத்தாள் எழுதிக்கொடுத்தார்கள். அதில் கம்பெனிப் பெயர் கிடையாது. மருந்தின் உண்மைப் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எந்த ஊர் டாக்டர் எப்போது எழுதியது, நிறுத்திய மருந்து என்றால் நிறுத்திய தேதி, ஒவ்வாமை இருந்தால் சிவப்பு மையில் அது. வீட்டு வாசலுக்கு வரும் அரசு மாத்திரைக்கும் ஒரு வரி விட்டிருக்கிறது, ஏனென்றால் இனிமேல் இரட்டிப்பு அதிகம் வருவது அங்கிருந்துதான் என்பது அவர் கணிப்பு. என் கடையில் நான் பார்ப்பதும் அதுவே. பாக்கி நோட்டிலிருந்து எதையும் பெரிய பட்டியலாக எடுத்துக் கடையில் வைக்கவில்லை. யாருக்கு என்ன நோய் என்பது அவரவர் விஷயம், தாள் அவரவர் கையில் இருக்கட்டும் என்றார்.

பேச்சின் கடைசியில் அவர் கேட்டுக்கொண்டது இரண்டு. புது டாக்டரைப் பார்க்கும்போது இந்தத் தாளை நீட்டிவிட்டு, அதில் எழுதியபடிதான் சாப்பிட்டீர்களா அல்லது குறைத்துச் சாப்பிட்டீர்களா என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். புது மாத்திரை எழுதினால் கிளம்புவதற்கு முன் "பழையதை நிறுத்தணுமா, சேத்துச் சாப்பிடணுமா" என்று கேட்டு, பதிலைத் தாளில் எழுதி வாங்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வழக்கம்போலப் பையோடு கடைக்கு வரட்டும், அந்தப் பொண்ணு பார்த்துக்கொள்ளும் என்றார். அந்தப் பெண் எழுந்து நின்று, எல்லா அட்டையும் கொண்டுவாங்க, காலி அட்டையும் சேத்து, என்றார்.